செல்பேசி எண், ஊர், சேரும் தேதி மூன்றும் மாறியுள்ளன – தர ஆய்வுப் பொறியாளர் பணி, ஒரகடம் – செந்தில்குமார்

வணக்கம் மேடம்,

ஒரகடம் ஆலைக்கான தர ஆய்வுப் பொறியாளர் பணிக்கு உங்கள் மூலம் முதல் சுற்று முடித்தவன். வியாழன் (நவம்பர் 13) மாலை 3.30க்கு இரண்டாம் சுற்று இருக்கிறது. அதற்குள் உங்கள் பதிவில் மாற்ற வேண்டியவை மூன்று. முதலாவது அவசரம். அதை மட்டுமாவது இன்றே செய்துவிடுங்கள்.

பழைய எண்ணுக்கு இனி அழைக்க வேண்டாம்

உங்களிடம் உள்ள, 2280 என்று முடியும் எண், கம்பெனி கொடுத்த சியூஜி சிம். நவம்பர் 7 வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து விடுபட்டபோது அதை ஒப்படைத்துவிட்டேன். எண் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. இரண்டொரு நாளில் என் இடத்துக்கு வருபவர் கையில் போய்விடும். அதில் நீங்கள் அழைத்தால் மணி அடிக்கும், யாரோ எடுப்பார்கள், நேர்காணல் விவரமும் சம்பளப் பேச்சும் அவர் காதில் விழும். குறுஞ்செய்தியும் அப்படியே. 'எண் உபயோகத்தில் இல்லை' என்ற அறிவிப்பு வராது என்பதால், தவறு நடந்ததே உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

புதிய எண் 4417 என்று முடிகிறது. இந்த மெயிலை அனுப்பிய கையோடு அதிலிருந்து உங்கள் அலுவலக எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்புகிறேன், முழு எண்ணை அதிலிருந்தே சேமித்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பையும் இந்த எண்ணுக்கு மாற்றிவிட்டேன். மெயில் முகவரி பழையதே.

உங்கள் தொடர்புப் பட்டியலில் மாற்றினால் மட்டும் போதாது, மேடம். இன்னும் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, ஆலையின் விண்ணப்பத் தளம். உள்ளே நுழைய ஓடிபி பழைய எண்ணுக்கே போகிறது. விண்ணப்பம் சமர்ப்பித்த பிறகு செல்பேசி எண் கட்டம் பூட்டிக்கொள்வதால் என்னால் திருத்த முடியவில்லை. அவர்களுடைய எச்ஆர் பக்கத்திலிருந்துதான் மாற்ற வேண்டும். இரண்டாம் சுற்றுக்கான இணைப்பு அந்தத் தளம் வழியாக வருவதாக இருந்தால், புதன் மாலைக்குள் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால் இணைப்பை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வேலை உத்தரவில் கையெழுத்து. ஆதார் ஓடிபி மூலம் இ-சைன் வாங்குவார்கள் என்று முன்பு சொன்னீர்கள். என் ஆதாரிலும் பழைய எண்தான் இருந்தது. சனிக்கிழமை ஆதார் மையத்துக்கு நேரில் போய், கைரேகை வைத்து எண் மாற்றத்துக்குக் கொடுத்துவிட்டேன். இன்னும் பதிவாகவில்லை. பதிவானதும் சொல்கிறேன். அதற்கு முன் உத்தரவு தயாரானால் தாளில் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்புகிறேன், அசலை ஆலைக்கு வரும்போது கொடுக்கிறேன். இதை அவர்கள் ஏற்பார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ஊர்: கோயம்புத்தூர் அல்ல, திருச்சி

பீளமேட்டு அறையை நேற்று காலி செய்துவிட்டு திருச்சி ஸ்ரீரங்கத்தில் பெற்றோர் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆதாரில் உள்ள நிரந்தர முகவரி இதுதான். விண்ணப்பத்தில் 'தற்போதைய முகவரி' என்ற இடத்தில் பீளமேடு இருக்கிறது. பின்னணிச் சரிபார்ப்புக்கு ஆள் அங்கே போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார், 'சரிபார்க்க இயலவில்லை' என்று குறிப்பு விழும். பிறகு அதை நீக்க நாள் பிடிக்கும். அந்த இடத்தில் ஸ்ரீரங்கம் முகவரியை எழுதி, பீளமேட்டை 'முந்தைய முகவரி, நவம்பர் 9, 2025 வரை' என்று மாற்றச் சொல்லுங்கள். வாடகை ஒப்பந்த நகல் என்னிடம் இருக்கிறது, இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நேர்முகச் சுற்றுக்கான பயணச் செலவையும் கோயம்புத்தூர்–சென்னை என்று குறித்திருந்தீர்கள். அதைத் திருச்சி–தாம்பரம் என்று மாற்றலாம், கட்டணம் குறையும். இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும் முன் தாம்பரத்தில் இறங்கலாம். அங்கிருந்து படப்பை வழியாக ஒரகடத்துக்குப் பேருந்து இருக்கிறது. காலை 9.30க்கு ஆலை வாசலில் நிற்பதில் சிக்கல் இல்லை.

எப்போது வர முடியும், எப்போது முடியாது

அக்டோபர் 6 அன்று ராஜினாமா கொடுத்தேன். 60 நாள் நோட்டீஸ் என்பதால் டிசம்பர் 5 கடைசி நாள், டிசம்பர் 8 திங்களன்று சேரலாம் என்று சொல்லியிருந்தேன். எங்கள் லைனை வேறு யூனிட்டுக்கு மாற்றியதால் மீதி நாளைத் தள்ளுபடி செய்து நவம்பர் 7 அன்றே விடுவித்துவிட்டார்கள். இரு தரப்பும் பணம் எதுவும் தர வேண்டியதில்லை. நோட்டீஸ் நாட்களுக்குப் பணம் கட்டி எடுப்பது பற்றி நாம் பேசியது இனி தேவையில்லை. நவம்பர் 24 திங்கள் முதல் எந்த நாளும் சேரத் தயார்.

இதனால் விண்ணப்பத்தில் 'இப்போது பணியில் உள்ளார்' என்றிருப்பது இனி சரியல்ல. என் பெயருக்கு எதிரே கடைசி வேலைநாள் நவம்பர் 7, 2025 என்று போடச் சொல்லுங்கள். நேர்காணலில் அவர்களாகக் கண்டுபிடிப்பதைவிட நாம் முன்கூட்டிச் சொல்வதே நல்லது. விடுவிப்புக் கடிதமும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் இணைப்பில் உள்ளன.

பிஎஃப் விஷயத்தில் ஒரு சிறு சிக்கல் வரலாம். என் யூஏஎன்னில் விலகிய தேதி இன்னும் ஏறவில்லை. நவம்பர் மாதக் கணக்கை அடுத்த மாதம் 15க்குள் கட்டும்போதுதான் அதையும் ஏற்றுவதாக எச்ஆர் சொன்னார்கள். அதற்குள் சரிபார்ப்பு நிறுவனம் பார்த்தால், நான் இன்னும் பழைய வேலையில் இருப்பது போலத் தெரியும், ஒரே நேரத்தில் இரண்டு வேலையா என்ற கேள்வி எழும். விடுவிப்புக் கடிதத்தை முதலிலேயே அவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.

நவம்பர் 17, 18, 19 மூன்று நாளும் என்னால் வர இயலாது. 18 அன்று அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை, மறுநாள் காலை கட்டுப் பிரிக்க மறுபடி மருத்துவமனை. ஆலையில் நேர்முகச் சுற்று 19 என்று உத்தேசமாகச் சொல்லியிருந்தீர்கள். அதை 21 வெள்ளிக்கு மாற்ற முடிந்தால் நிம்மதியாக வருவேன். 20 வியாழன்தான் முடியும் என்றால் 19 இரவே கிளம்பிவிடுகிறேன். தேதி மட்டும் இந்த வெள்ளிக்குள் தெரிந்தால் தட்காலை நம்பாமல் டிக்கெட் எடுத்துவிடுவேன்.

வியாழன் ஆன்லைன் சுற்றின் நேரத்தை மாற்ற வேண்டாம். அன்று எங்கள் பகுதியில் மாதப் பராமரிப்புக்காக மாலை 4 மணி வரை மின்சாரம் இருக்காது, வீட்டு வைஃபையும் நிற்கும். லேப்டாப்பை முழுதாக சார்ஜ் செய்து, செல்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைகிறேன். நேற்று மாலை அரை மணி நேரம் வீடியோ அழைப்பில் சோதித்தேன், தடையில்லை. அப்படியும் அறுந்தால் 4417 எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள், குரலில் தொடர்கிறேன்.

மாற்றியதும் 'எண் மாற்றியாயிற்று' என்று ஒரு வரி எழுதுங்கள், மேடம்.

நன்றியுடன்,
க. செந்தில்குமார்
ஸ்ரீரங்கம், திருச்சி
நவம்பர் 10, 2025

அதே நேரத்தில் புதிய எண்ணிலிருந்து அனுப்பிய எஸ்எம்எஸ்:

வணக்கம் மேடம், செந்தில்குமார், ஒரகடம் தர ஆய்வுப் பணி. இது என் புதிய எண். 2280இல் முடியும் பழைய எண் முந்தைய கம்பெனியிடம் போய்விட்டது, அதற்கு அழைப்போ செய்தியோ வேண்டாம். விவரம் மெயிலில். வியாழன் 3.30 சுற்றில் மாற்றமில்லை.