தப்பு ஒன்று உருவாகிறது: ஒரு மலையகப் பட்டறையின் உள்ளே
(காணொளிக்கான முழு உரை)

[காட்சி: விடியற்காலை. பனிக்குள் லயத்துக் கூரைத் தகரம். பட்டறைப் பூட்டுத் திறக்கும் சத்தம் மட்டும், இசை வேண்டாம்.]

குரல்: தலவாக்கலைப் பக்கம், தோட்டத்து லயத்தின் கடைசிக் காம்பிரா. முன்னால் இஸ்தோப்பு, பின்னால் தகரக் கொட்டகை. வேலை செய்வது மூன்று பேர். செய்வது ஒரே சாமான்: தப்பு என்கிற ஒருமுகத் தோல் பறை. பதினாலு அங்குலத் தப்பு ஒன்றை மரம் அறுப்பதிலிருந்து முதல் அடி வரைக்கும் இன்றைக்குக் காட்டுகிறோம். கை வேலையை மட்டும் கணக்குப் பார்த்தால் இரண்டு நாள். ஊறுவதும் காய்வதும் சேர்ந்தால் இரண்டு வாரத்துக்கு மேல். இந்த உயரத்தில் தப்பு கெட்டால் பத்துக்கு எட்டுத் தடவை காரணம் ஈரம்தான்.

[காட்சி: பழைய கதவு நிலை ஒன்று மேசையில். மேல் கட்டையில் வரிசையாக ஆணி ஓட்டைகள்.]

குரல்: பலா மரம். இலங்கையில் பலாவை நினைத்தவுடன் தறிக்க முடியாது. பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். அதனால் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் இடித்த வீட்டு மரம்தான். அதில் இலாபமும் உண்டு: பல வருஷம் காய்ந்த மரம் இனி முறுக்காது. இந்த நிலை ஒரு பழைய லயத்தின் வாசலில் நின்றது. மேலே தெரிகிற ஓட்டைகள் மாவிலை கட்ட அடித்த ஆணிகளுடையவை. பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, பிள்ளை பெரியவளானதற்கு ஒன்று என்று ஆளாளுக்கு அடித்திருக்கிறார்கள். ஓட்டை விழுந்த பகுதியை வளையத்துக்கு எடுப்பதில்லை. ஆணி இருந்த இடத்தில் துரு மரத்துக்குள் இறங்கியிருக்கும். வாள் பல்லும் போகும், பின்னால் வெடிப்பும் அங்கேயிருந்துதான் கிளம்பும்.

சவுக்கு மரத்தில் செய்யலாமா என்று கேட்பார்கள். தேயிலைக்கு நிழலாக நிற்கிற மரம், கைக்கெட்டிய தூரத்தில் கிடைக்கும். செய்யலாம், பாரமும் குறைவு. ஆனால் பச்சையாக அறுத்தால் ஒரு மழைக்காலத்துக்குள் வளையம் கோணிவிடும். ஒரு வருஷமாவது நிழலில் அடுக்கி வைத்திருந்தால் எடுங்கள்.

[காட்சி: பலகையில் அட்டை அச்சை வைத்துப் பென்சிலால் கோடு.]

குரல்: வளையம் ஒரே துண்டு இல்லை, மூன்று துண்டு. பலகை ஒன்றரை அங்குலத் தடிப்பு, நாலு அங்குல அகலம், நாற்பது அங்குல நீளம் போதும். ஒவ்வொரு துண்டும் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. வெளி முனைக்கு வெளி முனை நேராக அளந்தால் பன்னிரண்டே கால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. வளையத்தின் சுவர் முக்கால் அங்குலம்.

எல்லாரும் சறுக்குகிற இடம் முனை வெட்டு. முனைக்கு முனை போட்ட நேர்கோட்டோடு வெட்டு 30 பாகை நிற்க வேண்டும். மூன்று துண்டுக்கு ஆறு வெட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பாகை கூடினால் மொத்தம் ஆறு பாகை. வளையம் மூடும்போது கிட்டத்தட்ட முக்கால் அங்குல வாய் பிளந்து நிற்கும். அதை மரத்தூளும் பசையும் போட்டு அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தோல் காய்ந்து இழுக்கிற இழுப்பில் அந்த அடைப்பு முதல் கிழமையே கழன்றுவிடும்.

[காட்சி: இளைஞன் மூன்று துண்டையும் சேர்த்துப் பிடிக்கிறான். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார் மூத்தவர்.]

மூத்தவர்: தம்பி, இங்க வெளிச்சம் தெரியுது பாரு.
இளைஞன்: ஒரு மயிரளவுதான் மாமா.
மூத்தவர்: அந்த மயிரளவுதான் பொறவு கரகரன்னு பேசும். அரத்த எடு.

குரல்: மூட்டு மூன்றுக்கும் உட்பக்கம் இரும்புப் பட்டி. பழைய கொழுந்துச் சாக்குக் கட்டின் பட்டி மெல்லிசு, அது ஆகாது. இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு, மூன்று அங்குல நீளம், பட்டிக்கு நாலு தறை. பட்டி மூட்டுக்கு மட்டும் இல்லை. நேர்ப் பலகையில் வளைவை அறுத்தால் துண்டின் இரண்டு முனையிலும் மர இழை குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும். மரம் நொறுங்குவது அங்கேதான். தோல் உட்காருகிற விளிம்பை அரத்தால் உருட்டி, கண்ணாடித் தாளால் தேய்க்க வேண்டும். விளிம்பு கூராக இருந்தால் தப்பு அடிக்கிற இடத்தில் கிழியாது, விளிம்பில் வட்டமாக அறுந்து வரும்.

[காட்சி: நீல நிறப் பீப்பாய். மூடி திறக்கிறது.]

குரல்: தோல். இந்தப் பட்டறை எடுப்பது இளம் மாட்டுத் தோல். ஆட்டுத் தோல் சின்னத் தப்புக்குச் சரி, பதினாலு அங்குலத்தில் நாலு திருவிழா தாங்காது. இறைச்சிக் கடையிலிருந்து உப்புப் போட்டு வரும். உப்புப் போகக் கழுவி, பத்து லீற்றர் தண்ணீருக்கு கால் கிலோ நீற்றுச் சுண்ணாம்பு கரைத்து ஊறப்போடுவது. கொழும்பு வெக்கையில் மூன்று நாளில் மயிர் கழலும். இங்கே குளிருக்கு ஆறு, ஏழு நாள். நாள் எண்ண வேண்டாம். மயிரைக் கிள்ளிப் பாருங்கள். சிரமமில்லாமல் கையோடு வந்தால் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் கிடந்தால் தோல் ஊதி, அடுக்கடுக்காகப் பிரியும். அப்படிப்பட்ட தோலைக் கட்டினால் தப்பு ஒலிக்காது, பொத்பொத்தென்று விழும்.

மொட்டைக் கத்தியால் மயிரை ஒரு பக்கம், கொழுப்பை மறுபக்கம் வழிக்க வேண்டும். பிறகு சுண்ணாம்பை வெளியேற்ற வேண்டும். பலர் இரண்டு தண்ணீர் மாற்றிவிட்டு விட்டுவிடுகிறார்கள். இங்கே ஆறு தண்ணீர், அதன்பின் அரிசித் தவிடு கரைத்துப் புளித்த தண்ணீரில் ஒரு இரவு. அந்தப் புளிப்பு மிச்சச் சுண்ணாம்பை முறிக்கும். சுண்ணாம்பு தங்கிய தோல் காய்ந்தால் அப்பளம் போல மொறுமொறுப்பாகி, விளிம்பு மடிப்பிலேயே வெடிக்கும்.

இந்தப் பீப்பாயின் நாற்றத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு கிடக்கிறது. தோல் தொடுகிற வேலையையும் தப்பு அடிக்கிற வேலையையும் ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு, சாவு வீட்டுக்கு அவர்கள் வராவிட்டால் பிணம் எடுக்க முடியாது என்றும் சொல்லிக்கொண்டிருந்தோம். அதனாலேயே இளைஞர்கள் பலர் குச்சியைக் கீழே போட்டார்கள். இப்போது பாடசாலை மேடையிலும் ஊர்வலத்திலும் தப்பு அடிக்க, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் ஆள் வருகிறது. ஆனால் பீப்பாயில் கைவிட இன்னும் ஆள் குறைவுதான்.

[காட்சி: ஈரத் தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரிக்கிறார்கள்.]

குரல்: வெளிச்சத்தில் பிடித்தால் தடிப்பு தெரியும். வயிற்றுப் பக்கம் மெல்லிசு, இழுவும்; வேண்டாம். முதுகுப் பக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவில் சீராக உள்ள இடத்தைப் பார்த்து, முதுகெலும்புக் கோடு நடுவே ஓடும்படி இருபது அங்குல வட்டம். முகம் பதினாலு, சுவரும் உள்மடிப்பும் பக்கத்துக்கு மூன்று. கோடு ஓரமாகப் போனால் ஒரு பாதி இறுகும், மறு பாதி தொங்கும்.

[காட்சி: அடுப்பில் சட்டி. பழுப்பு நிறக் கூழ் கொதிக்கிறது.]

குரல்: பசை புளியங்கொட்டையில். லயத்துச் சமையலறைகளில் புளி கரைத்த பிறகு எறிகிற கொட்டையைப் பிள்ளைகள் டின்னில் சேர்த்து வந்து கொடுப்பார்கள். ஒரு டின்னுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் இங்கே விலை. வறுத்து, தோல் நீக்கி, இடித்துச் சலித்த மாவு நூறு கிராம், தண்ணீர் ஒரு லீற்றர். கட்டி தட்டாமல் கிளறி, அகப்பையிலிருந்து நூலாக இறங்கும் வரை. கடைசியில் கால் தேக்கரண்டி மயில்துத்தம்; பூச்சி அரிக்காது. மயில்துத்தம் விஷம். அந்தச் சட்டி மறுபடி அடுப்பங்கரைக்குப் போகக் கூடாது.

[காட்சி: தோலை வளையத்தில் போர்த்தி, பின்னால் கயிறு கோக்கிறார்கள். நெருக்கமான காட்சி: விரல்கள்.]

குரல்: வெளிச்சுவரிலும் உள்மடிப்பிலும் பசை, முகம் படுகிற விளிம்பில் பூசுவதில்லை. தோலின் ஓரத்தில் இருபத்துநாலு துளை, எதிரெதிராகக் கயிறு. எவ்வளவு இழுப்பது? விரலால் அழுத்தினால் கால் அங்குலம் இறங்க வேண்டும். பலமுள்ளவர் இங்கேதான் கெடுப்பார். ஈரத் தோலை மேளம் போல இறுக்கிவிட்டால் காயும்போது அது மேலும் சுருங்கி, வளையத்தை முட்டை வடிவமாக்கும்.

காயவைப்பது நிழலில். வெயிலில் வைத்தால் மேல் முகம் முந்திக் காய்ந்து மடிப்பு பிரியும். அடுப்புக்கு மேல் தொங்கவிட்டால் நெருப்புப் பக்கம் மட்டும் இழுக்கும். காற்றோடும் அறையில், காலையும் மாலையும் கால்வட்டம் திருப்பி வைக்க வேண்டும். சனவரி முதல் மார்ச் வரை நாலு நாள். தென்மேற்கு மழை அடிக்கிற மே முதல் செப்டெம்பர் வரை எட்டு நாளும் போகும்.

அந்த வறண்ட மாதங்களில்தான் காமன் கூத்தும் வருகிறது. மாசியில் காமன் ஊன்றிய நாளிலிருந்து, சிவன் மன்மதனை எரிக்கிற இரவு வரை தப்பு ஓயாது. தை பிறந்தவுடன் சொல்லிவைத்தவர்களுக்குக் கிடைக்கும். மாசி பிறந்தபின் வந்து, “நாளைக்கு வேணும்ணே” என்று நிற்கிறவர்களுக்கு இங்கே தேத்தண்ணி மட்டும்தான்.

[காட்சி: கயிறு அவிழ்கிறது. மிச்சத் தோலை வெட்டுகிறார்கள். முற்றத்தில் வைக்கோல் நெருப்பு.]

குரல்: காய்ந்த தோலுக்கு இனி சூடு காட்டல். நெருப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, வட்டமாகச் சுழற்றிக்கொண்டே. தோலில் உள்ள ஈரம் வெளியேற, முகம் இறுகும், ஒலி மேலே ஏறும். பனியில் நனைந்த தப்பை அப்படியே நெருப்பில் நீட்டாதீர்கள். ஈரத் தோல் 60 பாகை செல்சியஸ் தாண்டிச் சூடானால் சுருங்கிக் கொம்பு போல விறைக்கும். அதன்பின் எந்தத் தண்ணீரும் அதைத் திருப்பாது. துணியால் துடைத்து, அரை மணி நேரம் காற்றாடவிட்டு, தூரத்திலிருந்து மெதுவாகக் கிட்டே வர வேண்டும். உள்ளங்கையை முகத்தில் வையுங்கள். கை பொறுக்காத சூட்டைத் தோலும் பொறுக்காது.

[காட்சி: மூத்தவர் தப்பை இடது தோளோடு அணைக்கிறார். ஒரு கையில் நீண்ட மெல்லிய மூங்கில் குச்சி, மறு கையில் குட்டையான தடிக்குச்சி.]

குரல்: நடுவில் தடிக்குச்சி: ஆழ்ந்த ஒலி. ஓரத்தில் மூங்கில்: கீச்சென்று வெட்டும். விளிம்பைச் சுற்றி எட்டு இடத்தில் தட்டிப் பார்ப்பார். ஒரே ஒலி வந்தால் தப்பு தேறிவிட்டது. ஓரிடம் மந்தமாக இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் நெருப்புக்குக் காட்டிச் சரிக்கட்டுவது.

முதல் அடியாக இங்கே போடுவது பெரட்டு அடி. இருட்டோடு தோட்டத்து ஆட்களை எழுப்பி, அன்றைய வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு அழைத்தது இதுதான். சாவுக்கு வேறு அடி, சாமிக்கு வேறு அடி. மலைக்கு அப்பால் கேட்கிறவருக்குச் சேதி அடியிலேயே விளங்கும்.

[காட்சி: பெரட்டு அடி, பதினைந்து விநாடி. பேச்சு இல்லை.]

குரல்: வாங்கிப் போகிறவர்களுக்கு: பிளாஸ்டிக் பையில் மூடி வைக்காதீர்கள், உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி, சுவரில் சாய்க்காமல் ஆணியில் தொங்கவிடுங்கள். மண்ணெண்ணெய், தைலம் எதுவும் பூச வேண்டாம். தோல் கிழிந்தால் வளையத்தை எறிந்துவிடாமல் கொண்டுவாருங்கள்; பட்டி ஆடாமல் இருந்தால் தோலுக்கும் கூலிக்கும் மட்டும்தான் காசு.