சனிக்கிழமை படம் பற்றி உனக்கு மட்டும்

அன்புள்ள பிரபு,

உன் மெயிலை நேற்று இரவே பார்த்துவிட்டேன். அப்போதே பதில் போட்டிருந்தால் "சரி, பார்க்கலாம்" என்று எழுதியிருப்பேன். அப்புறம் சனிக்கிழமை மதியம் தலைவலி என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருப்பேன். உன்னிடம் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. அதனால் ஒரு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

எல்லோருக்கும் போகிற மெயிலில் எழுதாமல் உனக்குத் தனியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நாம் ஆறு பேர், மாதம் ஒரு படம். உன் முறை வருவதற்கு நீ ஆறு மாதம் காத்திருந்தாய். போன மாதம் ஸ்டெல்லா தேர்ந்தெடுத்த படம் உனக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தாய், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அப்படிப்பட்டவன் ஆசையாகச் சொன்ன படத்தை எல்லோர் முன்னாலும் வேண்டாம் என்று சொல்வது நியாயமில்லை.

'டிமான்ட்டி காலனி' என்னால் பார்க்க முடியாது, பிரபு. மன்னித்துக்கொள்.

நீ சொன்னதற்காக இன்று மதியம், நல்ல வெளிச்சத்தில், முதல் அரை மணி நேரம் பார்த்தேன். நன்றாக எடுத்திருக்கிறார்கள். 2015-ல் வந்தபோது தியேட்டரில் மூன்று தடவை பார்த்தேன் என்று நீ சொன்னது ஏன் என்று புரிகிறது. அஜய் ஞானமுத்துவுக்கு அது முதல் படம் என்றால் நம்ப முடியவில்லை. பாட்டு, காமெடி என்று எதிலும் ஒளிந்துகொள்ளாமல் நான்கு பையன்களையும் அந்த ஒரு அறையையும் நம்பியே கதையைக் கொண்டுபோகிறார். ஆழ்வார்பேட்டையில் அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு காலனி இருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்த பிறகு பார்த்ததால் கூடுதலாகவே உறைத்தது. படத்தில் எந்தக் குறையும் இல்லை. அது நன்றாக இருப்பதுதான் எனக்குச் சிக்கல்.

பேய் பாழடைந்த பங்களாவிலேயே இருந்திருந்தால் பார்த்திருப்பேன். நாம் அங்கே போகாமல் இருந்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இந்தப் படத்தில் அது அவர்கள் படுத்துத் தூங்குகிற அறைக்கே வந்துவிடுகிறது. அங்கேதான் நிறுத்தினேன்.

அம்மா போன பங்குனியில் போனார். அதற்குப் பிறகு வீட்டில் நான் மட்டும்தான் என்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவின் பழைய மரக்கட்டில் இன்னும் கூடத்தில்தான் கிடக்கிறது. மழை விட்டு வெயில் அடித்தால், ராத்திரியில் அந்தக் கட்டிலின் சட்டம் தானாக ஒரு சத்தம் போடும். யாரோ புரண்டு படுப்பது போல இருக்கும். முதல் தடவை கேட்டபோது எழுந்து போய் விளக்கைப் போட்டேன். பயம் வரவில்லை. அம்மாவாக இருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்து படுத்தேன். இப்போதும் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது.

இறந்துபோனவர்கள் திரும்பி வருவதைப் பயங்கரமாகக் காட்டுகிற படத்தைப் பார்த்துவிட்டு அந்த வீட்டுக்குத் தனியாகத் திரும்பினால், அடுத்த முறை அந்தச் சத்தம் கேட்கும்போது எனக்கு என்ன தோன்றும் என்று தெரியவில்லை. அது மாறிவிடக் கூடாது. நான் கேட்பது அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து நீ இதே படத்தைச் சொன்னால் ஒருவேளை முதல் ஆளாக வந்து உட்காருவேன். இப்போது முடியாது.

வித்யா வீட்டில்தான் பார்க்கப் போகிறோம் என்பதையும் யோசித்தேன். அவள் மாமியார் ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார், குட்டிப் பெண் பக்கத்து அறையில் தூங்கும். பேய்ப் படத்துக்கு உயிரே சத்தம்தான் என்று நீயே சொல்வாய். சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தால் அந்தப் படத்துக்கும் மரியாதை இல்லை, உனக்கும் திருப்தி இருக்காது. ஆனால் இதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு நான் பேசவில்லை. காரணம் என்னுடையதுதான்.

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வது சரியில்லை. எனக்கு மூன்று படங்கள் தோன்றின. இவற்றில் ஒன்றை நீயே தேர்ந்தெடு. உன் முறை உன்னுடையதாகவே இருக்கட்டும்.

முதலில் உன்னை மனதில் வைத்து: 'துருவங்கள் பதினாறு'. கார்த்திக் நரேன் இருபத்திரண்டு வயதில் எடுத்தது, 2016 டிசம்பர் கடைசியில் வந்தது. ரகுமான் ஓய்வு பெற்ற போலீஸ்காரராக உட்கார்ந்து பழைய வழக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டு போவார். கோயம்புத்தூர், மழை, ஒரே ராத்திரியில் பின்னிக்கொள்கிற சம்பவங்கள். நீ பேய்ப் படத்தில் தேடுகிற அந்த இறுக்கம், அடுத்து என்ன என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவது, அதெல்லாம் இதில் இருக்கிறது. செத்தவர் யாரும் எழுந்து வரமாட்டார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம்தான் என்பதால் படம் முடிந்து பேசவும் நேரம் கிடைக்கும். நீ பார்த்திருப்பாய் என்று நினைக்கிறேன், ஆனால் பாலாவும் ஜாஃபரும் பார்த்ததில்லை. பாதியில் நிறுத்தி, குற்றவாளி யார் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி உன்னிடம் கொடுக்கச் சொல்லலாம். விடை தெரிந்தவனாக நீ அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அது உனக்கு மிகவும் பிடிக்கும்.

இரண்டாவதாக 'மெய்யழகன்'. இது வித்யாவுக்காக. அவள் மன்னார்குடிக்காரி, படம் நடப்பது பக்கத்திலேயே நீடாமங்கலத்தில். சொந்த வீட்டை இழந்து ஊரை விட்டுப் போனவர் வருடக்கணக்கில் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் திரும்பி வருகிறார். "அத்தான், அத்தான்" என்று ஒருவன் ஒட்டிக்கொள்கிறான். அவன் பெயர் இவருக்கு நினைவே வரவில்லை. அவ்வளவுதான் கதை. அரவிந்த்சாமியும் கார்த்தியும் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். மெதுவாகப் போகும், அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வெளியான சில நாட்களில் 18 நிமிடத்தைக் குறைத்தார்கள், அப்படியும் நீளம்தான். ஆனால் கல்யாண மேடையிலேயே தங்கை அண்ணன் கொண்டுவந்த பரிசைப் பிரிக்கிற இடத்தில் நான் அழுதுவிட்டேன். ஸ்டெல்லாவும் அழுவாள். எட்டு மணிக்குச் சரியாக ஆரம்பித்தால்தான் இது சரிவரும்.

மூன்றாவது எனக்கு மனசுக்கு நெருக்கமானது. 'காதலிக்க நேரமில்லை', 1964, ஸ்ரீதர். பழைய படமா என்று பாலா கேட்பான். நீதான் அவனிடம் பேசவேண்டும், ஏனென்றால் இதில் உனக்கான ஒரு காட்சி இருக்கிறது. சினிமா எடுக்கப்போகிறேன் என்று அலைகிற செல்லப்பாவாக நாகேஷ், தன் அப்பா பாலையாவை எதிரில் உட்காரவைத்து ஒரு பேய்க் கதை சொல்வார். பார்த்திருக்கிறாயா? துண்டு துண்டாக போனில் பார்த்திருப்பாய். முழுப் படத்தின் நடுவில் அது வரும்போது பார்ப்பது வேறு. இருட்டு, காடு, கதவு கிரீச்சிடுவது என்று எல்லாவற்றையும் நாகேஷ் வாயாலேயே உண்டாக்குவார். கேமராவில் பேயும் கிடையாது, ரத்தமும் கிடையாது. ஆனால் நீ பார்க்க வேண்டியது பாலையாவை. அவர் அந்தக் காட்சியில் பேசுவதே கொஞ்சம்தான். முதலில் பையன் ஏதோ உளறுகிறான் என்கிற அலட்சியம், அப்புறம் லேசாக ஒரு கவனம், அப்புறம் கண் விரிவது, கடைசியில் நிஜமாகவே அரண்டுபோவது. கதை சொல்கிறவனை விடக் கேட்கிறவன் முகம்தான் நம்மைப் பிடித்து இழுக்கும். பயம் எப்படி ஒரு மனுஷனுக்குள் படிப்படியாக ஏறுகிறது என்பதை இதைவிடச் சுத்தமாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை. பேய்ப் படத்தை இவ்வளவு ரசிக்கிற நீ அந்தக் காட்சியைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்க எனக்கு உண்மையிலேயே ஆசை.

மற்றவர்களுக்கும் அதில் நிறைய இருக்கிறது. ஆழியாறு பக்கம் எடுத்த காட்சிகள் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கும். "விசுவநாதன் வேலை வேண்டும்" பாட்டுக்கு ஜாஃபர் கண்டிப்பாக எழுந்து ஆடுவான். ரவிச்சந்திரனுக்கு அது முதல் படம் என்று சொன்னால் வித்யாவின் மாமியார் படுக்கப் போகாமல் நம்மோடு உட்கார்ந்துவிடுவார் என்று நினைக்கிறேன். அவர் இருந்தாலும் கூச்சமில்லாமல் பார்க்கக்கூடிய படம், அதுவும் ஒரு வசதி.

அம்மா இந்தப் படத்தை டிவியில் போடும்போதெல்லாம் பார்ப்பார். சமையல் வேலை இருந்தால், "பாலையா சீன் வந்ததும் கூப்பிடுடி" என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பார். நான் கூப்பிட்டதும் கையில் கரண்டியோடு வந்து வாசல்படியில் நின்றபடியே பார்த்துவிட்டுப் போவார். உட்காரவே மாட்டார். அந்த ஒரு காட்சிக்காக நான் இதைச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் நீ வேறு இரண்டில் எதைச் சொன்னாலும் எனக்கு முழுச் சம்மதம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இத்தனை படித்த பிறகும் 'டிமான்ட்டி காலனி'தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், தயங்காமல் வை. மற்ற நான்கு பேரும் ஆவலாகத்தான் இருக்கிறார்கள், பாலா நேற்றே எனக்குப் போன் செய்து சொன்னான். நான் ஏழு மணிக்கு வந்து எல்லோரோடும் சாப்பிட்டுவிட்டு, நீங்கள் படம் போடும்போது கிளம்பிவிடுவேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது, அடுத்த மாதம் வழக்கம்போல வருவேன். மற்றவர்களிடம் நீ விளக்கம் சொல்ல வேண்டாம், மறுநாள் சீக்கிரம் எழ வேண்டியிருக்கிறது என்று நானே சொல்லிக்கொள்கிறேன். அம்மா பற்றி மேலே எழுதியது மட்டும் நம் இருவரோடு இருக்கட்டும்.

வியாழக்கிழமைக்குள் எது என்று சொல்லிவிட்டால் போதும். புரொஜெக்டரை வித்யா வீட்டில் கொண்டுபோய் வைக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாலா வருகிறான், அவனோடு நானும் போவேன். ஸ்பீக்கர் ஒயர் போன தடவை மக்கர் செய்தது, உன்னிடம் வேறு இருந்தால் எடுத்து வா.

ஜாஃபர் பிரியாணி கொண்டுவருகிறான், ஸ்டெல்லா கேக். நான் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்கிறேன். அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. அதையும் சனிக்கிழமை எடுத்து வருகிறேன். உனக்குப் பிடிக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும்.

அன்புடன்,
மீனா