நவம்பர்ப் புயல்

"1964 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வீசிய பெரும்புயலில் ஊர்க்குளத்தின் கட்டு கிழக்கு மூலையில் வாய்பிளந்தது" என்று எழுதி, அந்த வசனத்தின் முடிவில் மூன்று அடிக்குறிப்புகளை இட்டபோது யாழினிக்கு நிறைவாகவே இருந்தது. ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டோரமாகக் கிடக்கும் தன் ஊரின் சிறுகுளத்தைப் பற்றி எழுதுவதற்கு ஒரு சான்று கிடைப்பதே அரிது. போரின் இறுதி வருடங்களில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, விதானைமாரின் வீடுகளிலிருந்த பழைய கொப்பிகளும் காணிக் கணக்குகளும் கமக்காரர் அமைப்பின் கோப்புகளும் அப்படியே கைவிடப்பட்டன. மீள்குடியேறி வந்தவர்களுக்குச் சுவர்கள்கூட மிஞ்சவில்லை. அப்படிப்பட்ட ஊரின் குளம் உடைந்த வருடத்துக்கு மூன்று சான்றுகள் அகப்பட்டது பெரிய விடயம்.

மூன்றும் மூன்று வகையானவை. ஒன்று, 2013 இல் வெளிவந்த வாரப் பத்திரிகைக் கட்டுரை. இரண்டாவது, சிறுகுளப் புனரமைப்புக்காக ஒரு தொண்டு நிறுவனம் 2016 இல் தயாரித்த அறிக்கை. மூன்றாவது, ஊர்ப் பிள்ளையார் கோயிலின் 2019 ஆம் ஆண்டுக் கும்பாபிஷேக மலரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய ஊர் வரலாறு. பத்திரிகையாளர், பொறியியலாளர், ஆசிரியர் என ஒருவரையொருவர் அறியாத மூவர் ஒரே செய்தியைச் சொல்லியிருந்ததால், கட்டுரையின் வாதம் முழுவதையும் அந்த வருடத்தின் மேல் அவள் கட்டியிருந்தாள். 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பழைய விதானை முறையை அகற்றிப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. குளம் உடைந்தது 1964 இல் என்றால், அது குழுக்களின் காலம். ஆகவே உடைந்த கட்டை ஊர் கூடிக் கட்டியதும், அதன்பின் சிறுபோகத்தில் கிடைத்த தண்ணீருக்கு அளவாக வயலைப் பங்கிட்டுச் செய்ததும் அந்தப் புதிய ஏற்பாட்டின் பயன் என்பது அவளுடைய முடிவு.

வவுனியாவில் அவள் தங்கியிருந்த அறையில், கட்டுரையை வாசித்துப் பார்க்குமாறு மதுஷாவிடம் கொடுத்தாள். மதுஷா தமிழ் சிறப்புக் கற்கை மாணவி. அவள் இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"64 புயல் மார்கழியிலை எல்லோ அடிச்சது? தனுஷ்கோடி அழிஞ்ச புயல். டிசம்பர் 22 ராத்திரி."

அது யாழினிக்கும் தெரிந்ததுதான். பாம்பன் பாலத்தையும் தனுஷ்கோடி ரயிலையும் கொண்டுபோன அந்தப் புயல்தான் மன்னாரையும் வன்னியையும் ஊடறுத்தது என்பதை அவள் பாடத்திலேயே படித்திருக்கிறாள். எழுதும்போது கை சான்றுகளைப் பின்பற்றியதே தவிர, மனம் மாதத்தைக் கவனிக்கவில்லை. பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தாள்: நவம்பர். அறிக்கை: நவம்பர். மலர்: கார்த்திகை, அடைப்புக்குறிக்குள் நவம்பர்.

"ஒருத்தர் பிழை விட்டால் அது தவறு," என்றாள் மதுஷா. "மூண்டு பேர் ஒரே இடத்திலை ஒரே பிழையை விட்டால், அது ஒரு வீட்டுப் பிள்ளையள்."

பிறகு அவள் தன் பாடத்தைப் பற்றிச் சிறிது நேரம் பேசினாள். 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றவர்கள் ஏட்டுச் சுவடிகளைத் தேடித் திரட்டி ஒப்பிட்ட காலத்திலிருந்து, பதிப்பாசிரியர்களுக்குப் பழக்கமான சிக்கல்தான் இது. சரியான பாடம் பல ஏடுகளில் ஒத்திருப்பதால் அவற்றுக்கிடையே உறவு இருப்பதாகச் சொல்ல முடியாது. உண்மையை யாரும் தனித்தனியே எழுதியிருக்கலாம். ஆனால் பொருளற்ற ஒரே பிழை பல ஏடுகளில் வந்தால், அவை யாவும் ஒரு தாயேட்டிலிருந்து படியெடுக்கப்பட்டவை என்று கொள்ள வேண்டும். அப்போது பத்து ஏடுகள் இருந்தாலும் சாட்சி ஒன்றுதான்.

யாழினி அன்றிரவு தாயேட்டைத் தேடத் தொடங்கினாள். அறிக்கை எளிதில் அவிழ்ந்தது: அட்டவணையில் "வரலாறு" என்ற நிரலுக்குக் கீழே, மிகச் சிறிய எழுத்தில் பத்திரிகையின் பெயரும் திகதியும் இருந்தன. மலரில் "ஆய்வறிக்கைகளின்படி" என்று பன்மையில் எழுதப்பட்டிருந்தாலும், அந்த ஆசிரியர் பயன்படுத்திய ஏக்கர்க் கணக்கு அறிக்கையின் அட்டவணையில் தசம புள்ளி வரை அப்படியே இருந்தது. எஞ்சியது பத்திரிகைக் கட்டுரை மட்டுமே. அதில் மூலம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. "கிழக்கு மூலையில் வாய்பிளந்தது" என்ற சொற்றொடரை எழுத்து மாறாமல் தட்டச்சுச் செய்து தேடியபோது, 2011 இல் எழுதப்பட்ட ஒரு வலைப்பதிவு வந்து நின்றது.

எழுதியவர் கனடாவில் வாழும் ஊர்க்காரர். மீள்குடியேற்றத்துக்குப் பின் ஊரின் நிழற்படம் ஒன்றை முதன்முதலாகப் பார்த்தபோது எழுதியதாகத் தொடங்கி, இளம் பிராயத்தில் அலைகரையில் மீன் பிடித்தது, வான் பாயும்போது ஊரே போய்ப் பார்த்து நின்றது, பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் திரிந்தது என்று நீளும் பதிவு அது. வாசிக்கையில் யாழினிக்குக் கண் கலங்கியது. அவ்வளவு உண்மையான எழுத்து. நடுவில் அந்த இடம் வந்தது:

"புயலடிச்ச வருசம் குளம் உடைச்சதெண்டு அம்மம்மா சொல்லுவா. கட்டு கிழக்கு மூலையில் வாய்பிளந்ததாம். 64 நவம்பர்ப் புயலாய்த்தான் இருக்கவேணும். எனக்குச் சரியாத் தெரியாது."

கடைசி வரியை அவள் பலமுறை வாசித்தாள். பதிவர் நேர்மையாகவே எழுதியிருந்தார். பத்திரிகையில் "இருக்கவேணும்" போய்விட்டது, "சரியாத் தெரியாது" போய்விட்டது, அம்மம்மாவும் போய்விட்டார். அறிக்கையில் அது அட்டவணைக்குள் ஒரு கட்டமாகியது. மலரில் ஆய்வாகியது. தன் கட்டுரையில் மூன்று அடிக்குறிப்புகள் தாங்கும் வரலாறாகவே ஆகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு கையும் ஒரு தயக்கத்தை உதிர்த்துவிட்டே அதை அடுத்த கைக்குக் கொடுத்திருந்தது.

சமர்ப்பிக்கும் நாளுக்கு இன்னும் அவகாசம் இருந்தது. அந்த வார இறுதியில் புளியங்குளம், நெடுங்கேணி வழியாக வரும் பஸ்ஸில் அவள் ஊருக்குப் போனாள்.

கந்தையா அப்பு குளத்துக்கு மிக அருகில் இருப்பவர். எண்பதை எட்டிக்கொண்டிருக்கும் வயதிலும் விடிந்ததும் துருசடிக்குப் போய் நீர்மட்டம் பார்க்காமல் தேநீர் குடிக்கமாட்டார். குளம் உடைத்தது எப்போது என்று கேட்காமல், உடைத்தபோது என்ன நடந்தது என்று மட்டும் யாழினி கேட்டாள். வருடத்தைத் தான் சொன்னால் அவர் தலையாட்டிவிடுவார் என்ற அச்சம் அவளுக்கு இருந்தது.

"காத்து ஒண்டும் இல்லைப் பிள்ளை," என்றார் அப்பு. "மழை. விடாமல் அடிச்ச மழை. மேலைக் குளங்கள் உடைச்சு, அந்தத் தண்ணியெல்லாம் சேர்ந்து எங்கடை குளத்துக்கு வந்து, கட்டு மேவித்தான் உடைச்சது. புயல் அது பிறகு. புயலுக்குக் கூரையள் போனது, மரங்கள் முறிஞ்சது. குளம் நிண்டது."

"எப்ப அப்பு இது? எத்தினை வயசு உங்களுக்கு?"

"வயசு தெரியாது. தம்பி பிறந்து முப்பத்தொண்டு கழியேல்லை. துடக்கு வீடு எண்டு கோயிலடிக்குப் போகாமல், பச்சைப் பிள்ளையோடை அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்குத்தான் ஏத்தினவை."

தம்பியார் அடுத்த வளவில் இருந்தார். விடயத்தைக் கேட்டதும் உள்ளே போய், பொலித்தீன் உறையில் மடித்து வைத்திருந்த அடையாள அட்டையை எடுத்துவந்தார்; எத்தனையோ இடப்பெயர்வுகளிலும் இடுப்பிலிருந்து இறக்காத அட்டை அது. ஓரங்கள் தேய்ந்து, முத்திரை மங்கியிருந்தது. ஆனால் இலக்கம் தெளிவாக இருந்தது. பழைய அட்டைகளில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 57 என்று தொடங்கி, அடுத்து 330 என்றிருந்தது. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்து எண்ணும் அந்த முறைப்படி, யாழினி திண்ணையிலிருந்து விரல் மடித்து எண்ணினாள். நவம்பர் 25. அதிலிருந்து முப்பத்தொரு நாள் என்றால், 1957 டிசம்பர் கடைசி வாரத்துக்குள். நாட்டின் உலர்வலயக் குளங்கள் பலவற்றை உடைத்த 1957 டிசம்பர் பெருவெள்ளத்தின் நாட்கள் அவை.

அப்பு அவளைத் துருசடிக்கும் கூட்டிக்கொண்டு போனார். கைப்பிடிச் சுவரின் உட்புறம், பாசி படர்ந்திருந்த சீமெந்தை அவர் சாரத் தலைப்பால் துடைத்தார். ஈரச் சீமெந்தில் ஆணியால் கீறியதுபோன்ற நான்கு இலக்கங்கள்: 1959. கீறியவர் யார் என்று அப்புவுக்குத் தெரியவில்லை. மேசன்மாரில் ஒருவராக இருக்கலாம் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் யாழினி தன் வாதத்தைப் பிரித்துப் பார்த்தாள். உடைவு 1957 என்றால் அது விதானையின் காலம். திருத்தம் 1959 என்றால் சட்டம் வந்த மறுவருடம். ஆக ஊர் கூடிக் கட்டியபோது முன்னின்றவர் பழைய விதானையா, புதிய குழுவா, அல்லது பெயர் மாறிய அதே ஆட்களா என்பது இனித்தான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. அவளுடைய அழகான முடிவு போய்விட்டது. ஆனால் அந்தக் கேள்வி முடிவைவிட நல்லதென்று அவளுக்குத் தோன்றியது. மூன்று அடிக்குறிப்புகளையும் அழித்து, பத்திரிகையும் அறிக்கையும் மலரும் ஒரே பதிவிலிருந்து வந்தவை என்பதை விளக்கும் ஒரு பந்தியை எழுதினாள். சேர் அதற்குப் புள்ளி தருவாரோ குறைப்பாரோ என்று அவள் யோசிக்கவில்லை.

பதிவருக்கு அவள் எழுதிய மின்னஞ்சலுக்கு மறுநாளே அழைப்பு வந்தது. தன் பதிவை இத்தனை பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள் என்பதே அந்த அண்ணைக்குத் தெரியாது. அம்மம்மா 2009 மாசியில், இடம்பெயர்ந்து போன வழியிலேயே காலமாகிவிட்டார் என்றார். கந்தையா அப்பு சொன்னதை யாழினி சொல்லச் சொல்ல, அவர் இடைமறிக்காமல் கேட்டார்.

"அப்ப அம்மம்மா பிழையாச் சொன்னவவோ?"

"இல்லை அண்ணை. வெள்ளத்தையும் புயலையும் ரெண்டையும் அவ கண்டிருக்கிறா. ரெண்டும் ஒண்டாப் போட்டுது போலை."

"நான் இப்பவே பதிவைத் திருத்திறன். 57 எண்டு மாத்திவிடட்டோ?"

"மாத்தாதீங்கோ. அம்மம்மா சொன்னது அப்பிடியே இருக்கட்டும். கீழை, கந்தையா அப்பு இப்பிடிச் சொல்லுறார், தம்பியாற்றை அட்டையிலை இந்த நாள் இருக்கு, துருசிலை 1959 எண்டு கீறிக்கிடக்கு எண்டு தனித்தனியாப் போடுங்கோ. எது ஆர் சொன்னது எண்டு தெரியவேணும்."

"சரி, பிள்ளை."

"இன்னொண்டு அண்ணை. 'எனக்குச் சரியாத் தெரியாது' எண்டு ஒரு வரி எழுதியிருக்கிறீங்கள். அதை மட்டும் எடுத்துப்போடாதீங்கோ."