பொருள்: செவ்வாய்க்கிழமை பாடம் – செல் சுவாசம் (வகுப்புக்கு வராதவர்களுக்கு)

அன்பு மாணவர்களுக்கு,

செவ்வாய்க்கிழமை செல் சுவாசத்தை முடித்துவிட்டோம். வெள்ளிக்கிழமை சிறுதேர்வில் இதிலிருந்தும் கேள்வி வரும். பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு, எண்களை எழுதிப் பார்த்தபடியே படியுங்கள்.

கிளைக்காலிசிஸ் சைட்டோபிளாசத்தில் நடக்கிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டாம். ஆறு கார்பன் உள்ள ஒரு குளுக்கோஸ், மூன்று கார்பன் உள்ள இரண்டு பைருவேட்டாக உடைகிறது. முதலில் 2 ஏடிபி செலவு, பிறகு 4 வரவு. ஆக, நிகரம் 2 ஏடிபி. கூடவே 2 NADH. ‘நிகரம்’ என்று கேட்டிருக்கும்போது 4 என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவின் மேட்ரிக்ஸுக்குள் போய், ஒரு கார்பன் டை ஆக்சைடை இழந்து, ஒரு NADH கொடுத்து, அசிட்டைல் கோ-ஏ ஆகிறது. அது கிரப்ஸ் சுழற்சியில் ஒரு சுற்று சுற்றினால் 3 NADH, 1 FADH₂, 1 ஏடிபி (அல்லது அதற்கு இணையான ஜிடிபி), 2 கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும். ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு பைருவேட் என்பதால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்க வேண்டும். வகுப்பில் பலர் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

இதுவரை நேரடியாகக் கிடைத்தது 4 ஏடிபிதான். மிச்ச ஆற்றல் 10 NADH, 2 FADH₂ ஆகியவற்றில் இருக்கிறது. இவை உட்சவ்வில் உள்ள எலக்ட்ரான் கடத்துச் சங்கிலிக்கு எலக்ட்ரான்களைத் தருகின்றன. எலக்ட்ரான்கள் கைமாறும்போது 1, 3, 4 ஆம் கூட்டமைப்புகள் புரோட்டான்களை மேட்ரிக்ஸிலிருந்து சவ்விடை வெளிக்குத் தள்ளுகின்றன. அணைக்குப் பின்னால் தேங்கிய நீர் டர்பைனைச் சுழற்றுவதுபோல, திரும்பி வரும் புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸைச் சுழற்றுகின்றன. FADH₂ இரண்டாம் கூட்டமைப்பில் நுழைகிறது. அது புரோட்டானைத் தள்ளாது. அதனால்தான் NADH-க்கு 2.5, FADH₂-க்கு 1.5 ஏடிபி என்று கணக்கிடுகிறோம்: 25 + 3 + 4 = 32. சைட்டோபிளாசத்து NADH-இன் எலக்ட்ரான்கள் உள்ளே வரும் வழியைப் பொறுத்து இது 30 ஆகவும் குறையலாம். பழைய நூல்களின் 36, 38 என்பவை 3, 2 என்று முழு எண்களாக வைத்துப் போட்ட கணக்கு.

ஆக்சிஜனுக்கு வேலை சங்கிலியின் கடைசியில்தான். எலக்ட்ரான்களையும் புரோட்டான்களையும் ஏற்று அது நீராகிறது. கார்பன் டை ஆக்சைடு ஆவதில்லை. ஆக்சிஜன் இல்லாவிட்டால் சங்கிலி அடைபட்டு, NADH-ஆல் எலக்ட்ரானை இறக்க முடியாமல் NAD⁺ தீர்ந்துபோகும். ஆக்சிஜனை நேரடியாகப் பயன்படுத்தாத கிரப்ஸ் சுழற்சியும் நிற்பதற்கு இதுவே காரணம். தசையில் லாக்டேட்டும் ஈஸ்ட்டில் எத்தனாலும் உருவாவது NAD⁺-ஐ மீட்பதற்காக. அந்தப் படியில் ஏடிபி எதுவும் கிடைக்காது.

வியாழன் மாலைக்குள் ஒரு கணக்கைப் போட்டு அனுப்புங்கள்: ஒரே ஒரு பைருவேட் முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைந்தால் எத்தனை ஏடிபி? விடை 12.5; எனக்கு வேண்டியது படிகள். 25 வந்தால் தேவையில்லாமல் இரட்டித்திருக்கிறீர்கள். 10 வந்தால் அசிட்டைல் கோ-ஏ உருவாகும்போது வரும் NADH-ஐ விட்டுவிட்டீர்கள்.

அன்புடன்,
உங்கள் உயிரியல் ஆசிரியர்