கல்விக் கட்டணத்தைத் தவணையில் செலுத்த அனுமதி வேண்டுதல்

காவேரிப்பட்டணம்,
14.07.2025

அனுப்புநர்:
மு. கோவிந்தன்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு டீன் அவர்கள்,
பொறியியல் கல்லூரி, கிருஷ்ணகிரி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கல்லூரியில் இ.சி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கும் கோ. ரம்யாவின் அப்பா நான். முதல் பட்டதாரி சலுகை போக இந்த ஆண்டுக்கு 72,000 ரூபாய் கட்ட வேண்டும். கடைசி நாள் ஜூலை 21. இரண்டு வருடமும் நாள் தவறாமல் கட்டியிருக்கிறேன். இந்த முறை முடியவில்லை.

ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் 11 வருடம் பிரஸ் ஆபரேட்டராக இருந்தேன். ஜூன் 30 அன்று ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டிலேயே அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆர்டர் இல்லையாம், ஒரு ஷிஃப்டையே நிறுத்திவிட்டார்கள். இப்போது மாங்காய் மண்டியில் லோடு ஏற்றுகிறேன். சீசன் முடிய இரண்டு மூன்று வாரம்தான் இருக்கிறது என்பதால் அந்தக் கூலியை நம்பித் தங்களிடம் தேதி சொல்லவில்லை.

விஷயம் தெரிந்ததும் ரம்யா, "காலேஜ் பஸ் வேண்டாம்பா, டவுன் பஸ்லயே போய்க்கறேன்" என்றாள். பெண்களுக்கு அதில் டிக்கெட் இல்லை, தூரமும் பத்து கிலோமீட்டர் சுமார்தான். ஆகவே பேருந்துக் கட்டணம் 18,000 ரூபாயை நீக்கித் தர வேண்டுகிறேன். மீதி 54,000 ரூபாயை இப்படிக் கட்ட நினைக்கிறேன்:

இந்தக் கடிதத்துடன் 15,000 ரூபாய்.
ஆகஸ்ட் 10-க்குள் 20,000 ரூபாய்.
நவம்பர் 10-க்குள் 19,000 ரூபாய்.

ஆகஸ்ட் தவணை என் பணிக்கொடையிலிருந்து வரும். கடைசி அடிப்படைச் சம்பளம் 13,000 ரூபாய். கணக்குப்படி 82,500 வர வேண்டும். 30 நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். இருந்தாலும் அங்கே எதுவும் சொன்ன நாளில் நடந்ததில்லை, அதனால்தான் பத்து நாள் தள்ளிச் சொல்கிறேன். அதில் பாதிக்கு மேல் நகைக்கடனுக்கும் வீட்டுச் செலவுக்கும் போய்விடும் என்பதால் முழுத் தொகையையும் அப்போதே கட்டுகிறேன் என்று சொல்ல முடியவில்லை. நவம்பர் தவணைக்கு, என் மனைவிக்கு மகளிர் குழுவில் அக்டோபரில் கடன் முறை வருகிறது. அதற்குள் வேறு வேலை கிடைத்தால் முன்னதாகவே கட்டிவிடுவேன்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன் ஐயா. பாக்கி இருக்கிறது என்பதற்காக வகுப்பில் அவள் பெயரைக் கூப்பிட்டு எழுப்பாமலும், செமஸ்டர் ஹால் டிக்கெட்டை நிறுத்தாமலும் இருக்க அலுவலகத்துக்குத் தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பணம் பற்றி எதுவானாலும் என்னையே கூப்பிடட்டும். மண்டி வேலை காலை பத்து மணிக்கு முடிந்துவிடும், அப்புறம் எந்நேரமும் நேரில் வரத் தயார்.

வேலை நீக்கக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சென்ற ஆண்டுக் கட்டண ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. கோவிந்தன்