மலேரியா, ஃபைலேரியா, அமீபியாசிஸ்: ஒப்பீட்டுக் குறிப்பு

மூன்று வகுப்புகளின் குறிப்புகளையும் ஒரே தாளில் சுருக்கியிருக்கிறேன். அறிகுறிகளும் மருந்தும் இதில் இல்லை. வாழ்க்கைச் சுழற்சிக்கு நேர் கீழே சோதனையை வைத்ததற்குக் காரணம் உண்டு: ஒட்டுண்ணி அந்த நேரத்தில் உடம்பில் எங்கே, எந்த உருவத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், எந்த மாதிரியை எப்போது எடுப்பது என்பது தானாக வந்துவிடும்.

| | மலேரியா | ஃபைலேரியா | அமீபியாசிஸ் |
|---|---|---|---|
| ஒட்டுண்ணி | பிளாஸ்மோடியம் வைவாக்ஸ், ஃபால்சிபாரம் (மற்றவை: மலேரியே, ஓவேல், நோலெஸி) | வூச்சரேரியா பான்கிராஃப்டி | என்டமீபா ஹிஸ்டாலிடிகா |
| பரவும் வழி | பெண் அனாஃபிலிஸ் கொசு | க்யூலெக்ஸ் கொசு | மலம் கலந்த நீர், உணவு |
| இறுதி ஓம்புயிர் | கொசு | மனிதன் | மனிதன் மட்டுமே |
| இடைநிலை ஓம்புயிர் | மனிதன் | கொசு | இல்லை |
| தொற்றும் நிலை | ஸ்போரோசோயிட் | மூன்றாம் நிலை லார்வா | நான்கு உட்கரு கொண்ட சிஸ்ட் |
| மனித உடலில் | கல்லீரல், பிறகு சிவப்பணு | நிணநீர்க் குழாயில் முதிர்ந்த புழு; ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா | சிறுகுடலில் சிஸ்ட் உடையும்; பெருங்குடலில் ட்ரோஃபோசோயிட் |
| கொசுவில் | பாலினப் பெருக்கம், எண்ணிக்கை கூடும் | வளர்ச்சி மட்டும், எண்ணிக்கை கூடாது | – |
| மாதிரி | விரல்நுனி ரத்தம் | இரவு ரத்தம் | புதிய மலம் |
| எப்போது | சந்தேகம் வந்தவுடன், மருந்துக்கு முன் | இரவு 10 முதல் 2 மணி வரை | வெவ்வேறு நாட்களில் 3 முறை |
| முதல் சோதனை | தடித்த ஸ்மியர், மெல்லிய ஸ்மியர் | தடித்த ஸ்மியர் | சலைன், அயோடின் வெட் மவுண்ட் |
| பிற சோதனைகள் | ஆன்டிஜென் கிட், பிசிஆர் | ஆன்டிஜென் கார்டு, அல்ட்ராசவுண்ட் | மல ஆன்டிஜென், பிசிஆர். கல்லீரல் சீழ்க்கட்டிக்கு ஸ்கேன், சீரம் ஆன்டிபாடி |

'இறுதி ஓம்புயிர்' வரியில்தான் நான் வகுப்பிலேயே தப்பாக எழுதி வைத்திருந்தேன். பாலினப் பெருக்கம் எங்கே நடக்கிறதோ அதுவே இறுதி ஓம்புயிர். மலேரியாவில் அது கொசுவின் குடலில் நடக்கிறது. ஃபைலேரியாவில் ஆண் புழுவும் பெண் புழுவும் நம் நிணநீர்க் குழாயில் குடித்தனம் நடத்துகின்றன.

மலேரியா. தடித்த ஸ்மியர் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்க்க, மெல்லியது எந்த இனம் என்று பார்க்க. வைவாக்ஸில் சிவப்பணு பெருத்திருக்கும், ஷுஃப்னர் புள்ளிகள் தெரியும். ஃபால்சிபாரத்தில் சிவப்பணு பெருக்காது; ஒரே அணுவில் பல வளையங்கள், பிறைவடிவ கேமிட்டோசைட். முதிர்ந்த நிலைகள் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொள்வதால், விரல்நுனி ரத்தத்தில் பெரும்பாலும் வளையமும் பிறையும்தான் கிடைக்கும். ஆகவே ஸ்மியரில் எண்ணிக்கை குறைவு என்பதால் நோய் லேசானது என்று சொல்லிவிடக் கூடாது. ஒரு முறை நெகட்டிவ் வந்தால் திரும்ப எடுக்க வேண்டும்.

வைவாக்ஸும் ஓவேலும் கல்லீரலில் ஹிப்னோசோயிட்டாக உறங்கும், பிறகு விழித்தால் நோய் மறுபடி தாக்கும். எந்த ஸ்மியரிலும் ஹிப்னோசோயிட் தெரியாது. ரத்தம் ஏற்றியதால் வந்த மலேரியாவில் கல்லீரல் கட்டமே இல்லை, எனவே அந்த மறுதாக்கமும் இல்லை (வைவாவுக்குப் பிடித்த கேள்வி). ஹெச்ஆர்பி-2 கிட் ஃபால்சிபாரத்துக்கு. குணமான பிறகும் சில வாரங்கள் பாசிட்டிவ் காட்டும் என்பதால் மருந்து வேலை செய்ததா என்று பார்க்க அது உதவாது.

ஃபைலேரியா. க்யூலெக்ஸ் கடிப்பது இரவில், மைக்ரோஃபைலேரியா வெளி ரத்தத்துக்கு வருவதும் இரவில். பகலில் நுரையீரல் நுண்குழாய்களில் தங்கிவிடும். இரவில் எடுக்க முடியாவிட்டால் 100 மி.கி. டிஇசி கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கலாம். ஆன்டிஜென் கார்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது முதிர்ந்த புழுவின் ஆன்டிஜெனைப் பிடிப்பதால் பகலிலும் செய்யலாம்.

ஸ்லைடில் வூச்சரேரியாவின் மைக்ரோஃபைலேரியாவுக்கு உறை இருக்கும், வால் நுனியில் உட்கரு இருக்காது. நுனியில் தனித்தனியாக இரண்டு உட்கரு தெரிந்தால் அது புருகியா மலாயி. யானைக்கால் நன்றாக முற்றிய நோயாளியின் ரத்தத்தில் பெரும்பாலும் மைக்ரோஃபைலேரியா கிடைக்காது. நெகட்டிவ் ஸ்மியரைக் காட்டி "ஃபைலேரியா இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

அமீபியாசிஸ். சிஸ்ட் உடைந்து எட்டு அமீபாக்கள் வரும். பிறகு இரண்டிரண்டாகப் பிளந்து பெருகும். ட்ரோஃபோசோயிட் வெளியே வந்தால் சீக்கிரம் செத்துவிடும், அதனால் பேதி மலத்தை அரை மணி நேரத்துக்குள் சலைனில் பார்க்க வேண்டும். அயோடினில் அசைவு நின்றுவிடும். அது சிஸ்டின் உட்கருவை எண்ணத்தான். நான்குக்கு மேல், எட்டு வரை எண்ணினால் அது தீங்கில்லாத என்டமீபா கோலை.

கல்லீரல் சீழ்க்கட்டியில் சிஸ்ட் ஒருபோதும் இருக்காது. ட்ரோஃபோசோயிட்டும் கட்டியின் சுவரோரம்தான், அதனால் உறிஞ்சும்போது கடைசியாக வரும் சீழைப் பார்க்க வேண்டும். அந்த நோயாளியின் மலமும் பெரும்பாலும் நெகட்டிவாகவே இருக்கும்.

என்டமீபா டிஸ்பார் நுண்ணோக்கியில் அச்சு அசல் ஹிஸ்டாலிடிகா மாதிரியே இருக்கும், ஆனால் நோய் தராது. ட்ரோஃபோசோயிட்டுக்குள் விழுங்கிய சிவப்பணு தெரிந்தால் ஹிஸ்டாலிடிகா என்று வலுவாகச் சந்தேகிக்கலாம். வெறும் சிஸ்ட் மட்டும் தெரிந்தால் ரிப்போர்ட்டில் "ஹிஸ்டாலிடிகா/டிஸ்பார்" என்று சேர்த்தே எழுத வேண்டும். பிரித்துச் சொல்ல ஆன்டிஜெனோ பிசிஆரோ தேவை.