வெள்ளியங்கிரி ஏற நான் வரவில்லை, மாப்பிள்ளை

அன்புள்ள கார்த்தி மாப்பிள்ளைக்கு,

சித்ரா பௌர்ணமிக்கு வெள்ளியங்கிரி ஏற 12 பேர் என்று எழுதி, அதில் என் பெயரையும் சேர்த்திருந்தாய். மலை ஏறுகிறவர்கள் கணக்கிலிருந்து என்னை எடுத்துவிடு. வழி தெரிந்தவர் கூட இருந்தால் நல்லது என்று நீ கூப்பிட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இந்த வருஷம் என்றில்லை, இனி அந்த மலையை நான் ஏறுவதற்கில்லை. காரணத்தை முழுசாகவே எழுதுகிறேன். பாதியாகச் சொன்னால் "பார்த்துக்கலாம் வாங்க மாமா" என்பாய்.

முக்கியமான காரணம் பாதம். சர்க்கரை வந்து 19 வருஷம் ஆகிறது. போன மாதம் டாக்டர் நைலான் இழையை வைத்துப் பாதத்தில் 10 இடத்தில் தொட்டுப் பார்த்தார். 6 இடத்தில் எனக்கு உணர்ச்சியே இல்லை. வலது பெருவிரலுக்கு அடியில் இருந்த புண் தை மாதம்தான் ஆறியது. ஆறிய இடத்துத் தோல் முன்பு போல உரசலைத் தாங்காது. அந்த மலையை வெறுங்காலோடு ஏறுவது வழக்கம். கல் குத்தினால் உனக்கு வலிக்கும், காலை மாற்றி வைப்பாய். எனக்கு வலிக்காது. காயத்தின் மேலேயே மிதித்து மிதித்து ஏழு மலையும் போய் வந்துவிடுவேன். அடிவாரத்தில் காலைக் கழுவும்போதுதான் ரத்தம் கண்ணில் படும். சர்க்கரைக்காரனுக்கு அந்த மாதிரிப் புண் சீழ் பிடித்தால் விரலை எடுக்கிற வரைக்கும் போகும்.

ஷூ போட்டுக்கொள்ளலாமே என்று உன் அத்தையிடம் கேட்டாயாம். ஷூ கடித்தாலும் எனக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். அதுவும் இறங்கும்போது உடம்பு பாரம் முழுக்க முன்பாதத்தில் விழும், சரியாக அந்தப் பழைய புண் இருக்கிற இடத்தில். இப்போது போடுகிற எம்.சி.ஆர். செருப்பு சமதளத்துக்கு நல்லது. வழுக்குப்பாறையில் அதை நம்ப முடியாது.

அடுத்தது, சர்க்கரை இறங்குவது. ஒரு வழி ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான், ஆனால் முழுக்கச் செங்குத்து. ஏறி இறங்க 8 முதல் 10 மணி நேரம் ஆகிவிடும். அத்தனை நேரம் தசை வேலை செய்தால் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும், ஏற்றம் முடிந்து மறுநாள் தூங்கும்போதும் விடாது. ராத்திரி போடும் இன்சுலினும் அதே நேரத்தில் இறக்கும். ஊசியைக் குறைத்தால் சரியாகிவிடாது: எவ்வளவு குறைப்பது என்பதற்கு அந்த மலையில் கணக்கு இல்லை, அதிகம் குறைத்தால் சர்க்கரை ஏறி நீர் வற்றும். வியர்வை, கை நடுக்கம், தடுமாற்றம் எல்லாம் களைப்பிலும் வரும், சர்க்கரை 70-க்குக் கீழே போனாலும் வரும். இருட்டில் படிக்கட்டில் எது எதுவென்று எனக்கே பிடிபடாது, உங்களுக்கு எப்படித் தெரியும்? அங்கே மயங்கினால் ஆள் தூக்கித்தான் இறக்க வேண்டும்.

"முதல் மலை வரைக்குமாவது" என்று கேட்காதே. படிகள் செங்குத்தாக இருக்கிற பகுதியே அதுதான். தவிர, நான் பாதியில் திரும்பினால் துணைக்கு ஒருவன் திரும்ப வேண்டும்; சாமி பார்க்க வந்தவனுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம்.

வேனில் பூண்டி வரைக்கும் வருகிறேன். அடிவாரக் கோயிலில் ஆண்டவரைக் கும்பிட்டுவிட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, ஊசி போட்டுக்கொண்டு அங்கேயே தங்குகிறேன். வேன் வாடகையில் என் பங்கு 850 ரூபாயை இன்றைக்கே அனுப்புகிறேன். மேலே செல்போன் சிக்னலை நம்ப முடியாது, அதனால் யார் யார் ஏறினார்கள் என்ற பட்டியலும் ஒவ்வொருவர் வீட்டு நம்பரும் என்னிடம் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். சேகரின் அப்பா நான் வந்தால் வருவதாகச் சொன்னாராம். அவருக்கு ஸ்டென்ட் வைத்து 5 மாதம்கூட ஆகவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், விழுந்து அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காது. இதயக் கோளாறு, மூச்சுத்திணறல், சர்க்கரை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையே சொல்கிறது. நீ பேசினால் அவர் தட்டிக்கழிப்பார். நானே நாளைக்குப் பேசுகிறேன். என்னோடு பூண்டியில் இருக்கட்டும், எனக்கும் துணை.

நீங்கள் போகிறபோது ஆளுக்கு ஒரு மூங்கில் தடி வாங்கிக்கொள்ளுங்கள், ஏறுவதைவிட இறங்கத்தான் அது உதவும். மேலே காற்று கடுங்குளிராக இருக்கும். வியர்த்த பனியனோடு உட்காராமல் மாற்றுச் சட்டை, ஸ்வெட்டர், காது மூடத் துண்டு எடுத்துப் போங்கள். டார்ச் ஆளுக்கு ஒன்று. யாருக்காவது நெஞ்சு இறுகினால், தாடையிலோ இடது கையிலோ வலி வந்தால், அந்த இடத்திலேயே உட்கார வைத்து ஆள் அனுப்புங்கள். கொஞ்சம் போனால் சரியாகும் என்று நடக்க விடாதே.

வேன் எத்தனை மணிக்கு ஈரோட்டை விட்டுக் கிளம்புகிறது என்று மட்டும் சொல்லிவிடு. ராத்திரிச் சாப்பாட்டை நான் கையோடு கட்டிக்கொண்டு வர வேண்டும்.

அன்புடன்,
மாமா